அசைன்மென்டில் பேனல் தரவா, ஒரே முறை எடுத்த குறுக்குவெட்டுத் தரவா?

கேள்வி: எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். ரிசர்ச் டிசைன் அசைன்மென்டுக்கு ‘கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் வேலைக்குப் போவது எப்படி மாறுகிறது’ என்று தலைப்பு எடுத்தேன். ஒரு ஊரில் 20 முதல் 59 வயது வரை உள்ள 400 பெண்களிடம் ஒரு முறை சர்வே எடுத்து, வயதுவாரியாக ஒப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ‘இதில் மாற்றம் எங்கே இருக்கிறது? பேனல் தரவோடு ஒப்பிட்டு எழுது’ என்று சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேனல் நல்லது, செலவு அதிகம் என்பதைத் தாண்டி என்ன எழுதுவது?

பதில்:

பேனல் என்பது அதே ஆட்களைப் பல சுற்றுகளில் திரும்பத் திரும்பக் கேட்டு எடுக்கும் தரவு. நீங்கள் எழுதிக் கொடுத்தது குறுக்குவெட்டு: உங்கள் 400 பேரும் தரவில் ஒரே ஒரு முறைதான் வருகிறார்கள். அதனால் யாருடைய வாழ்க்கையிலும் ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு புள்ளிகள் உங்கள் கையில் இல்லை. இருப்பது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. அந்த வேறுபாட்டை மாற்றமாகப் படிக்கப் பார்த்திருக்கிறீர்கள். சார் பிடித்தது இதைத்தான்.

கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். 2025-ல் சர்வே எடுத்ததில், 20–29 வயதில் 45%, 30–39-ல் 40%, 40–49-ல் 30%, 50–59-ல் 25% பெண்கள் வேலையில் இருப்பதாக வருகிறது. பார்த்தவுடன் ‘வயது ஏற ஏற, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனபின், பெண்கள் வேலையை விடுகிறார்கள்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்தக் கடைசி வரிசையில் இருக்கும் 55 வயதுப் பெண்ணுக்கு 25 வயது ஆனது 1995-ல். அப்போது அவர் வேலையில் இருந்தாரா என்பது உங்கள் தரவில் இல்லை. அவர் தலைமுறையிலும் 45% பேர் வேலைக்குப் போய், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிறகு விட்டிருக்கலாம். அந்தத் தலைமுறையில் ஆரம்பத்திலிருந்தே 25% பேர்தான் வேலைக்குப் போயிருக்கலாம். அதாவது யாருமே விடவில்லை. இல்லையென்றால் இளவயதில் 10% பேர் மட்டும் போய், பிள்ளைகள் வளர்ந்தபின் மற்றவர்களும் சேர்ந்து 25% ஆகியிருக்கலாம். முதல் கதையில் இறக்கம், இரண்டாவதில் மாற்றமே இல்லை, மூன்றாவதில் ஏற்றம். மூன்றுக்கும் அட்டவணை ஒன்றுதான்.

மாதிரி அளவை 400-லிருந்து 40,000 ஆக்கினாலும் இந்தக் குழப்பம் தீராது. வயது என்பது சர்வே ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தது. ஒரே முறை சர்வே எடுத்தால் சர்வே ஆண்டு எல்லோருக்கும் ஒன்று. ஆகவே வயதும் பிறந்த ஆண்டும் ஒரே தகவலின் இரண்டு பெயர்கள். வயதால் வந்ததையும் பிறந்த தலைமுறையால் வந்ததையும் எந்தப் புள்ளியியல் முறையாலும் அந்தத் தரவுக்குள் பிரிக்க முடியாது.

இது வெறும் ஏட்டுப் பயம் இல்லை என்பதற்கு அசைன்மென்டில் காட்டத் தகுந்த உதாரணம் அமெரிக்காவில் உளவியலாளர் கே. வார்னர் ஷாயி 1956-ல் தொடங்கிய சியாட்டில் நீள்கால ஆய்வு. இருபதுகளிலிருந்து அறுபதுகள் வரை பல வயதுக்காரர்கள் 500 பேருக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார். வயதுவாரியாக ஒப்பிட்டால் திறன் இளமையிலேயே சரியத் தொடங்கிவிடுவது போலத் தெரிந்தது. 7 ஆண்டு இடைவெளியில் அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தபோது, பெரும்பாலான திறன்களில் அறுபது வயதை ஒட்டும்வரை பெரிய சரிவு இல்லை என்று வந்தது. முன்பு சரிவாகத் தெரிந்ததில் பெரும்பங்கு, வயதானவர்கள் வேறு காலத்தில் பிறந்து குறைவாகப் பள்ளி சென்றதால் வந்த இடைவெளி. கையோடு இன்னொன்றையும் எழுதுங்கள்: 1963-ல் திரும்பச் சோதிக்கக் கிடைத்தவர்கள் சுமார் 300 பேர்தான். திரும்பி வருபவர்கள் பொதுவாக உடம்பு நன்றாக இருப்பவர்கள்; ஒரு முறை சோதனை எழுதிப் பழகியவர்களும்கூட. அதனால் பேனல் பக்கம் நிலைமையை உள்ளதைவிடக் கொஞ்சம் நல்லதாகக் காட்டும். இரண்டு முறைகளும் பிசகுகின்றன, எதிரெதிர்த் திசையில். இந்த ஒரு வாக்கியம் இருந்தாலே ‘பேனல் நல்லது’ என்ற மொட்டையான முடிவிலிருந்து உங்கள் ஒப்பீடு தப்பிக்கும்.

நடுவில் ஒரு வகை இருப்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2005-06, 2015-16, 2019-21 என்று சுற்றுச் சுற்றாக நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கேள்விகள் பெரும்பாலும் அதே மாதிரி, குடும்பங்கள் புதியவை. இது திரும்பத் திரும்ப எடுத்த குறுக்குவெட்டு, பேனல் அல்ல. மாநில விகிதம் ஏறியதா இறங்கியதா என்று கேட்டால் இதுவே போதும். எந்தப் பெண் வேலையை விட்டாள், எவள் சேர்ந்தாள் என்று கேட்டால் பதில் இல்லை. பலர் பல ஆண்டு அட்டவணையைப் பார்த்ததும் ‘பேனல்’ என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

இனி பேனல் எதைக் கூடுதலாகத் தருகிறது என்பது. அதே 400 பெண்களை இரண்டு சுற்று பார்த்ததாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 160 பேர் வேலையில், இரண்டாவதில் 136 பேர். 40% என்பது 34% ஆகிறது. தனித்தனியாக இரண்டு குறுக்குவெட்டு எடுத்திருந்தால் இந்த 6 புள்ளி இறக்கத்தோடு கதை முடிந்துவிடும். பேனலில் உள்ளே திறந்து பார்க்கலாம்:

| | 2-ம் சுற்றில் வேலை உண்டு | 2-ம் சுற்றில் இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| 1-ம் சுற்றில் வேலை உண்டு | 112 | 48 | 160 |
| 1-ம் சுற்றில் இல்லை | 24 | 216 | 240 |
| மொத்தம் | 136 | 264 | 400 |

நிகர மாற்றம் 24 பேர். உண்மையில் நிலை மாறியவர்கள் 72 பேர். வேலையில் இருந்தவர்களில் 30% பேர் விட்டிருக்கிறார்கள். இல்லாதவர்களில் 10% பேர் சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் தலைப்புக்குத் தேவையானது இந்த 30-உம் 10-உம்தான், 6 அல்ல. விட்ட 48 பேரில் இடையில் கல்யாணம் ஆனவர்கள் எத்தனை, ஆகாதவர்கள் எத்தனை என்று இந்தக் கட்டத்தை மேலும் பிரிக்கலாம்.

துல்லியத்திலும் ஆதாயம் உண்டு. 400 பேர் கொண்ட இரண்டு வேறு வேறு மாதிரிகளில் 40%, 34% என்று வந்தால், அந்த 6 புள்ளி வித்தியாசத்தின் திட்டப் பிழை சுமார் 3.4 புள்ளி, 95% எல்லை 6-க்கு இரு பக்கமும் 6.7. அதாவது பூஜ்யமும் உள்ளே வருகிறது, ‘இறங்கியது’ என்று சொல்ல முடியாது. மேலே உள்ள பேனலில் திட்டப் பிழை 2.1 புள்ளி, எல்லை இரு பக்கமும் 4.1. அதே 6 புள்ளி இப்போது நிற்கிறது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இரண்டு சுற்றிலும் ஒன்றாகவே இருப்பதால் கழித்தலில் அடிபட்டுப் போகிறது, அவ்வளவுதான். எளிய தற்செயல் மாதிரிக்கு உரிய கணக்கு இது. தெருத்தெருவாகக் கொத்தாக எடுத்தால் இரண்டு எல்லைகளுமே அகலும்.

ஆனால் உங்கள் 20–59 வயது மாதிரியை அப்படியே பேனல் ஆக்கினால் வேலைக்கு ஆகாது. பேனலில் மாற்றத்தைச் சொல்பவர்கள் இடைப்பட்ட காலத்தில் நிலை மாறியவர்கள் மட்டுமே. 400 பேரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களாக இருப்பார்கள். ஓராண்டு இடைவெளியில் புதிதாகக் கல்யாணம் ஆகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் தேறினால் அதிகம். ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டு, மாறாத குணங்களை (பிறந்த குடும்பம், சாதி, படிப்பு) கழித்துவிடும் நிலை விளைவு முறையைப் போட்டாலும் கணக்கு ஓடுவது அந்தப் பதினைந்து பேரின் மீதுதான். ஆகவே பேனல் என்று எழுதினால் மாதிரியையும் மாற்ற வேண்டும்: 20 முதல் 27 வயதுக்குள் கல்யாணம் ஆகாத 400 பெண்கள், குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி. ‘மாதிரி அளவு 400’ என்று எழுதுவதைவிட ‘எதிர்பார்க்கும் நிகழ்வுகள் இத்தனை’ என்று எழுதினால் டிசைன் புரிந்தவர் எழுதியது என்று தெரியும்.

இப்போதுதான் இந்தத் தலைப்பின் பெரிய முடிச்சு வருகிறது. பேனலில் ஆட்கள் உதிர்வார்கள், அதை அட்ரிஷன் என்பார்கள், அது பாடப்புத்தகத்தில் உள்ளது. நம் ஊரில் கல்யாணம் ஆன பெண் பெரும்பாலும் கணவன் ஊருக்குப் போய்விடுகிறாள். நீங்கள் பார்க்க விரும்பும் நிகழ்வுதான் ஆளைத் தரவிலிருந்து வெளியே எடுக்கிறது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கும் மாதங்களில் இரண்டாம் சுற்று விழுந்தால், ஊருக்குள் மருமகளாக வந்தவளும் வீட்டில் இருக்கமாட்டாள்.

இன்னொரு கற்பனை எண்ணில் பாருங்கள். முதல் சுற்றில் முன்போலவே 400-ல் 160 பேர் வேலையில். இரண்டாம் சுற்றில் 80 பேர் கிடைக்கவில்லை; 320 பேர் கிடைத்தார்கள். போன 80 பேரில் முதல் சுற்றில் வேலையில் இருந்தவர்கள் 48 பேர். கிடைத்த 320 பேரில் முதல் சுற்றில் 112 பேர் வேலையில், இரண்டாம் சுற்றில் 109 பேர். அவசரத்தில் முதல் சுற்றின் முழு மாதிரி 40%-ஐ இரண்டாம் சுற்றின் 34%-உடன் ஒப்பிட்டு ‘6 புள்ளி இறக்கம்’ என்று எழுதுவார்கள். கிடைத்தவர்களை மட்டும் அவர்களோடே ஒப்பிட்டால் 35%-லிருந்து 34%. இறக்கம் ஒரே ஒரு புள்ளி. மீதி 5 புள்ளி யாரும் வேலையை விட்டதால் வரவில்லை, வேலையில் இருந்தவர்கள் அதிகமாகத் தரவை விட்டுப் போனதால் வந்தது. அந்த ஒரு புள்ளியும் உண்மை என்று உறுதியில்லை. போன 80 பேரும் வேலையில் இல்லை என்று வைத்தால் முழு 400-க்கும் விகிதம் 27%. 80 பேரும் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்தால் 47%. இந்த இரண்டு ஓர எண்களையும் உதிர்வுப் பகுதியில் காட்டுங்கள். ‘20% உதிர்வு ஏற்றுக்கொள்ளத் தக்கது’ என்ற வழக்கமான வரியைவிட இது நேர்மையானது. எத்தனை பேர் போனார்கள் என்பதைவிட, எப்படிப்பட்டவர்கள் போனார்கள் என்பதுதான் கேள்வி.

ஸ்டேட்டா மென்பொருளில் இதைச் சரிபார்க்க, ஆளுக்கு ஒரு வரிசையாகத் தரவு இருக்கும்போதே முதல் இரண்டு கட்டளைகளைக் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றும் தனி வரிசையாகும்படி தரவை நீளவாக்கில் மாற்றி, மேலே 112, 48 என்று போட்டது போன்ற மாற்ற அட்டவணையை எடுக்கலாம். work1, work2 என்பவை இரண்டு சுற்றின் வேலை நிலை, pid ஆளின் அடையாள எண்:

```
gen lost = missing(work2)
tab work1 lost, row chi2
reshape long work, i(pid) j(wave)
xtset pid wave
xttrans work, freq
```

இரண்டாவது வரியில், வேலையில் இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் போயிருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். மேலே சொன்ன உதாரணத்தில் 160-ல் 48 பேர், அதாவது 30% போயிருக்கிறார்கள். 240-ல் 32 பேர், அதாவது 13%. இது அபாய மணி.

உதிர்வைக் குறைக்கும் வேலை முதல் சுற்றிலேயே தொடங்க வேண்டும். பெண்ணின் செல்போன் எண் மட்டும் போதாது; கல்யாணத்தோடு எண் மாறுவது சகஜம். அம்மா, உடன்பிறந்தவர் என்று இரண்டு பேர் எண்களையும், திரும்பத் தொடர்புகொள்ள ஒப்புதலையும் அன்றே வாங்க வேண்டும். ஒப்புதல் பெண்ணிடமே வாங்க வேண்டும். மாமியார் வீட்டுக்குத் திடீரென யாரோ போன் போட்டு விசாரிப்பது அவளுக்குச் சங்கடத்தில் முடியலாம். நான்கு மாதத்துக்கு ஒரு முறை சும்மா ஒரு நலம் விசாரிப்பு. பெயர், எண் ஒரு கோப்பிலும் பதில்கள் வேறு கோப்பிலும் இருக்க வேண்டும். இரண்டையும் இணைப்பது அடையாள எண் மட்டும்.

பேனலுக்கே உரிய இன்னொரு பிழை, அளவிடுவதில் வருவது. ‘வேலைக்குப் போறீங்களா?’ என்று கேட்டால் ‘இல்லீங்க, வீட்லதான் இருக்கேன்’ என்பார். பேசிக்கொண்டே பூக்கட்டிக்கொண்டிருப்பார், கூலி முழத்துக்கு இவ்வளவு என்று வரும். முதல் சுற்றில் பொதுவாகக் கேட்டு, இரண்டாம் சுற்றில் பூக்கட்டுதல், மாடு, நூறு நாள் வேலை, தையல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், யாரும் புதிதாக வேலைக்குச் சேராமலே விகிதம் ஏறும். கேள்வி மாறாவிட்டாலும் பிழை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் 5% பேர் தவறாகப் பதிவாகிறார்கள் என்று வையுங்கள். உண்மையில் ஒருவர்கூட மாறாத 400 பேரில், சுமார் 38 பேர் ‘மாறியவர்களாக’ அட்டவணையில் வருவார்கள். குறுக்குவெட்டில் இந்தத் தவறுகள் இரு பக்கமும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். பேனலின் மாற்ற அட்டவணையில் கூடிக்கொண்டே போகும். எனவே கேள்வியின் சொற்கள், வரிசை, குறிப்புக் காலம் (‘கடந்த 7 நாளில்’ அல்லது ‘கடந்த 12 மாதத்தில்’), பதில் சொன்னது அந்தப் பெண்ணா அவள் மாமியாரா என்பது, இந்த நான்கும் இரண்டு சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அறுவடை மாதத்தில் ஒரு சுற்று, கோடையில் ஒரு சுற்று என்று எடுத்தால் பருவமே மாற்றமாக வந்து நிற்கும்.

நீங்களே களத்துக்குப் போகாமல் தயார்நிலையில் உள்ள பேனலைப் பயன்படுத்துவதாகவும் எழுதலாம். தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழுவும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் நடத்திய இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பு 2004-05-ல் 41,554 குடும்பங்களைப் பார்த்தது. 2011-12-ல் அவற்றில் சுமார் 83% குடும்பங்களைத் திரும்பப் பேட்டி கண்டது. பிரிந்து அதே ஊரில் தனிக்குடித்தனம் போனவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது தொடர்வது குடும்பத்தை. கல்யாணமாகி வேறூர் போன மகளை அல்ல. ஆகவே ‘கல்யாணத்துக்கு முன்னும் பின்னும்’ என்ற கேள்விக்கு அது பொருந்தாது. முதல் சுற்றிலேயே மருமகளாக இருந்தவர்களிடம் ‘பிள்ளை பிறந்தபின் என்ன ஆயிற்று’ என்று கேட்டால் நன்றாகப் பொருந்தும். 7 ஆண்டுக்கு நடுவில் வேலையை விட்டுத் திரும்பச் சேர்ந்தவள் ‘மாறாதவள்’ கணக்கில் போவாள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

களத்துக்குப் போவதாக இருந்தால், அசைன்மென்டுக்கு என் யோசனை இது. ஒரே முறை சர்வேதான் எடுங்கள், ஆனால் ஒரே ஒரு காலப் புள்ளியை மட்டும் கேட்காதீர்கள். கல்யாணமாகி 3 முதல் 5 ஆண்டு ஆன பெண்களைக் கணவன் வீட்டில் சந்தித்து, கல்யாணத்துக்கு ஓராண்டு முன்பிருந்து மூன்றாண்டு பின்பு வரை, எப்போது வேலையில் இருந்தார், எப்போது இல்லை என்று கட்டம் கட்டமாகக் குறிக்கும் வாழ்க்கை நாட்காட்டி நிரப்புங்கள். சேகரிப்பு குறுக்குவெட்டு, கிடைக்கும் தரவு ஒவ்வொருவருக்கும் காலவரிசையில் இருக்கும். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை அசைன்மென்டில் தெளிவாகச் சொல்லுங்கள். பேனலில் கை நழுவிப் போனவள் இங்கே வேறொரு ஊரின் மருமகளாகக் கிடைக்கிறாள் என்பதுதான் இந்தத் தலைப்புக்கு இதன் தனி லாபம். கல்யாணமே ஆகாதவர்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதே வயதில் அவர்களுக்கும் ஒரு நாட்காட்டி வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆண்டுகளில் எல்லோருக்குமே நடந்ததைக் கல்யாணத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

குறை என்ன? நினைவு. மாதச் சம்பள வேலையில் சேர்ந்ததும் விட்டதும் ஓரளவு சரியாக வரும். விட்டு விட்டுப் போன கூலி வேலை மறந்துபோகும், தள்ளி நடந்தது கிட்டத்தில் நடந்ததாகச் சொல்லப்படும். அதனால் மாதம் கேட்காமல் ஆறு மாதக் கட்டங்களாக வைத்து, தலைதீபாவளி, தலைப்பொங்கல், வளைகாப்பு, குழந்தை பிறந்த நாள் என்று அவருக்கு மறக்காத நாட்களை முதலில் குறித்துவிட்டு, வேலையை அவற்றுக்கு நடுவில் நிரப்பச் சொல்லுங்கள். ‘வேலைக்குப் போவதைப் பற்றி அப்போது என்ன நினைத்தீர்கள்’ என்ற கேள்வி இதில் வேண்டாம். அதற்கு வரும் பதில் இன்றைய மனநிலையின் பதிலாகத்தான் இருக்கும். எண்ணம் மாறியதா என்று பார்க்க வேண்டுமென்றால் அப்போதே கேட்டுப் பதிந்த பேனல் தவிர வழியில்லை.

மொத்தம் எட்டுக் கட்டங்கள்: முன்னே இரண்டு, பின்னே ஆறு. ஐந்தாறு பெண்களிடம் முன்னோட்டம் பார்த்து, பத்து நாள் கழித்து அதே நாட்காட்டியை மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். ஒருவருக்கு எட்டில் எத்தனை கட்டம் மாறுகிறது என்று எண்ணி, அந்த எண்ணை நம்பகத்தன்மைப் பகுதியில் அப்படியே போடுங்கள்.